ஆறு மாத விற்பனைக் கணக்கை ஒட்டி அனுப்பி, அடுத்த மாதத்தை மட்டும் கேட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஜூன் 210, ஜூலை 390, ஆகஸ்ட் 260, செப்டம்பர் 340, அக்டோபர் 520, நவம்பர் 610. எல்லாம் யூரியா மூட்டை. டிசம்பர்ல எவ்வளவு போகும்? அது மட்டும் சொன்னா போதும்."

இந்த ஆறு எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது என்றால், சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 610-ஐ ஒட்டி, 430-லிருந்து 790 வரைக்குள் எங்கேயும் நிற்கலாம். கடை மன்னார்குடிப் பக்கம், வாடிக்கையாளர்கள் சம்பாவும் தாளடியும் போட்டவர்கள் என்று தெரிந்துவிட்டால் பதில் மாறுகிறது. அப்போது டிசம்பர் நவம்பரைவிடக் குறையும் என்றே சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டுகளின் நவம்பர், டிசம்பர் எண்கள் கையில் இருந்தால் எவ்வளவு குறையும் என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு விளக்கத்துக்காக அமைத்தது. மூட்டை என்பது 45 கிலோ மூட்டை. கீழே வரும் கேள்விகளுக்கும் இதையே வைத்துக்கொள்கிறோம்.

"430, 790 எங்கேருந்து வந்துச்சு?"

"இந்த மாதம் எவ்வளவு போனதோ அவ்வளவே அடுத்த மாதமும் போகும்" என்பதுதான் இருப்பதிலேயே எளிய கணிப்பு. அதை உங்கள் கணக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜூனை வைத்து ஜூலையைச் சொல்லியிருந்தால் 180 மூட்டை குறைத்துச் சொல்லியிருப்போம். ஜூலையை வைத்து ஆகஸ்டைச் சொல்லியிருந்தால் 130 கூட்டிச் சொல்லியிருப்போம். அடுத்தடுத்த மாதங்களில் 80, 180, 90 என்று பிசகியிருக்கும். ஐந்து முறைக்கும் சராசரிப் பிசகு 132, பெரிய பிசகு 180. அந்த 180-ஐ 610-லிருந்து கழித்தால் 430, கூட்டினால் 790.

இதுவரை ஐந்து பிசகு பார்த்திருக்கிறோம். மாதங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொண்டால், ஆறாவது பிசகு இந்த ஐந்தையும் மிஞ்சுவதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த வரம்புக்குள் டிசம்பர் விழ ஆறில் ஐந்து வாய்ப்பு. ஐந்து பிசகை வைத்து இதற்கு மேல் துல்லியம் பேசினால் அது கற்பனைதான்.

அதுவரையான எல்லா மாதங்களின் சராசரியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்க்கலாம். பிசகு 180, 40, 53, 220, 266 என்று வந்து சராசரி 152 ஆகிறது. 132-க்கும் 152-க்கும் இடையே ஐந்து சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடைசி மாதத்தை எடுத்ததற்குக் காரணம் இந்த வித்தியாசம் அல்ல. உரக்கடையில் போன மாத விற்பனைதான் பயிர் இப்போது எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதற்குக் கிட்டத்தில் இருக்கிறது.

"எக்செல்ல கோடு போட்டா 635 வருது. நீங்க ஏன் குறையும்னு சொல்றீங்க?"

635 சரியான கணக்குதான். இரண்டாம் வரிசையிலிருந்து ஏ நிரலில் 1 முதல் 6 வரையும், பி நிரலில் மூட்டைகளையும் வைத்தால் இந்த இரண்டு வரி போதும்:

```
=FORECAST.LINEAR(7,B2:B7,A2:A7)
=STEYX(B2:B7,A2:A7)
```

முதல் வரி 635 தரும். மாதத்துக்கு ஏறக்குறைய 71 மூட்டை கூடுகிறது, அதை ஏழாவது மாதத்துக்கும் நீட்டினால் அது வரும். இரண்டாவது வரி 86.5 தரும். கோட்டுக்கும் உண்மை எண்களுக்கும் உள்ள வழக்கமான விலகல் அது. பெரும்பாலோர் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆறு எண்ணை வைத்து ஏழாவதைக் கோடு நீட்டிச் சொல்லும்போது, பத்தில் எட்டு முறையாவது சரியாக இருக்க வேண்டுமென்றால் அந்த 86.5-ஐ ஏறக்குறைய 2.1-ஆல் பெருக்கி இரண்டு பக்கமும் விட வேண்டும். 454 முதல் 816 வரை வருகிறது. இருபதில் பத்தொன்பது முறை வேண்டுமென்றால் பெருக்க வேண்டியது 3.8. அப்போது 307 முதல் 963 வரை. கோடே தன் வாயால் "307 ஆனாலும் ஆச்சரியமில்லை" என்று சொல்கிறது. திரையில் 635 மட்டும் தெரிவதால் அந்தப் பாதி காதில் விழுவதில்லை.

2.1, 3.8 இரண்டும் ஆறு எண்களுக்கும் ஏழாவது மாதத்துக்கும் மட்டுமே. எட்டாவது மாதத்துக்கு இன்னும் அகலும்.

"படத்துல R² 0.74 காட்டுது. அது நல்ல பொருத்தம்தானே?"

நல்ல பொருத்தம்தான். ஆறு எண்ணுக்கு வழக்கமான 5 சதவீதச் சோதனையில்கூட இந்த ஏற்றம் தேறிவிடும். "தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு" என்று புள்ளியியல் சொல்வதும் உண்மை. சிக்கல் அதற்குப் பின்னால் இருக்கிறது.

ஜூனிலிருந்து நவம்பர் வரை டெல்டாவில் யூரியா விற்பனை ஏறுவது தற்செயல் இல்லை. ஆனால் அது கடை வளர்ச்சியும் இல்லை. ஜூனில் தண்ணீர் வரும்போது வயல் பாதி காலி. நவம்பரில் சம்பாவும் தாளடியும் சேர்ந்து நிற்கின்றன. ஆண்டுதோறும் இந்த ஏற்றம் வரும், ஆண்டுதோறும் இறங்கும். உங்கள் ஆறு மாதம் ஏறும் பக்கத்தில் மட்டும் வெட்டி எடுத்தது. இதே கடை டிசம்பர் முதல் மே வரையான கணக்கை அனுப்பியிருந்தால் கோடு கீழ்நோக்கி ஓடும். மூட்டை எதிர்மறையில் போகும் என்றுகூட எக்செல் கூசாமல் சொல்லும்.

பருவத்தையும் வளர்ச்சியையும் பிரித்துப் பார்க்க, ஒரே மாதம் குறைந்தது இரண்டு முறையாவது கணக்கில் வர வேண்டும். ஆறு மாதத்தில் எந்த மாதமும் இரண்டாம் முறை வருவதில்லை. எந்தச் சூத்திரமும் எந்த மென்பொருளும் இதைத் தாண்ட முடியாது. `FORECAST.ETS` போட்டாலும் அதே கதைதான். பருவம் இருப்பதாகவே அது கண்டுகொள்ளாமல் ஒரு எண்ணைத் தந்துவிடும்.

"சரி, டிசம்பர்ல குறையும்னு எதை வச்சு சொல்றீங்க?"

உங்கள் எண்களை வைத்தல்ல, வயலை வைத்து. கணிப்பில் எது கணக்கிலிருந்து வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்பதைப் பிரித்தே சொல்ல வேண்டும். ஒன்றோடொன்று குழப்பினால் பிறகு எது தப்பியது என்று கண்டுபிடிக்க முடியாது.

நெல்லுக்குத் தழைச்சத்தை ஒரே தவணையில் கொட்டுவதில்லை. அடியுரம் போக, தூர் கட்டும்போது ஒன்று, கதிர் உருவாகும்போது ஒன்று, கதிர் வெளிவரும் சமயத்தில் ஒன்று என்று மேலுரமாகப் பிரிக்கிறார்கள். செப்டம்பர் வாக்கில் நட்ட சம்பாவுக்கு அக்டோபர், நவம்பரில் இந்தத் தவணைகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். டிசம்பரில் அந்த வயல் உரக்கடைப் பக்கம் வருவது குறைவு. குறுவை அறுத்த வயலில் அக்டோபர், நவம்பரில் நட்ட தாளடிதான் டிசம்பரில் மேலுரம் கேட்கும்.

ஆகவே உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் வாடிக்கையாளர்களில் தாளடிக்காரர்கள் எத்தனை பேர்? குறுவை நிறையப் போன ஊர் என்றால் தாளடியும் நிறைய இருக்கும், டிசம்பர் இறக்கம் மெதுவாக இருக்கும். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் மாதிரி கடைமடைப் பக்கம், தண்ணீர் வந்து சேரத் தாமதமாகி ஒருபோகச் சம்பாவே பெரும்பாலும் போடும் ஊர் என்றால் இறக்கம் செங்குத்தாக இருக்கும். அந்த ஊரில் நேரடி விதைப்பு எப்போது நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆறு எண்களிலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. ஜூலையில் 390 போய் ஆகஸ்டில் 260 ஆனது குறுவை மேலுரம் முடிந்ததன் அடையாளம் போலத் தெரிகிறது. குறுவை ஓரளவு இருந்த கடை என்று ஊகிக்கலாம். ஊகம் மட்டும்தான். ஆகஸ்டில் சரக்கு வராமல் இருந்திருந்தாலும் இதே 260 வரும்.

"போன வருஷம் முழுக் கணக்கு கிடையாது. நவம்பர், டிசம்பர் மட்டும் பில் புக்ல இருக்கு. பிரயோஜனம் உண்டா?"

இந்த ஆறு மாதத்தையும்விட அந்த இரண்டு எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

போன ஆண்டு நவம்பரில் 560, டிசம்பரில் 310 என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் நவம்பரில் ஏறக்குறைய 55 சதவீதம். இந்த ஆண்டு 610-க்கு அதே விகிதம் என்றால் 338. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 500, டிசம்பர் 350 என்றும் கிடைத்தால் விகிதம் 70 சதவீதம், இந்த ஆண்டுக்கு 427. ஆக 340-லிருந்து 430-க்குள் ஒரு நடுப்பகுதி தெரிகிறது. இரண்டே ஆண்டு என்பதால் இரண்டு பக்கமும் ஒரு 40 மூட்டை விட்டு, 300 முதல் 470 என்று சொல்லலாம். அந்த 40 கைக்கணக்கு. அதற்குச் சூத்திரம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

கோடு சொன்ன 635 இந்த வரம்பிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூட்டையை அப்படியே ஒப்பிடாமல் விகிதத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கடை இந்த ஆண்டு கொஞ்சம் பெருத்திருக்கலாம், பக்கத்துக் கடை மூடியிருக்கலாம். நவம்பர் 610 அதையெல்லாம் ஏற்கெனவே உள்வாங்கியிருக்கும். விகிதம் பயிரின் இறக்கத்தை மட்டும் கடன் வாங்குகிறது.

ஒப்பிடும் ஆண்டு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட வேண்டியது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேல் வித்தியாசம். ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஊரில் நடவு அப்படித் தள்ளிப்போனால், நவம்பரில் முடிந்திருக்க வேண்டிய மேலுரம் டிசம்பருக்கு வந்து நிற்கும். 2024-ன் டிசம்பர் விகிதத்தை, ஜூன் 12-ல் தண்ணீர் வந்த ஆண்டுக்கு அப்படியே போட்டால் கூட்டிச் சொல்லிவிடுவோம். பம்புசெட் வைத்திருப்பவர்கள் அதிகமுள்ள ஊரில் இந்தச் சிக்கல் குறைவு.

"மழை அடிச்சா கணக்கே மாறிடாதா?"

மாறும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் யாரும் யூரியா போடுவதில்லை. வடிந்த பிறகே போடுவார்கள். நவம்பர் கடைசி வாரம் அடைமழை என்றால் அந்த வார விற்பனை டிசம்பர் முதல் வாரத்துக்கு நகரும். அப்போது நவம்பர் எண் தாழ்ந்தும் டிசம்பர் உயர்ந்தும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பெரிய மாற்றம் இருக்காது.

அதனால் இந்த மாதிரி சமயத்தில் டிசம்பரைத் தனியாகச் சொல்வதைவிட நவம்பர், டிசம்பர் சேர்ந்த தொகையைச் சொல்வது உறுதியானது. மேலே சொன்ன பழைய ஆண்டுகளில் அது 870, 850. மாதத்தைத் தனித்தனியாகப் பார்த்தால் ஆடுகிற ஆட்டம் தொகையில் இல்லை.

பயிரே அழுகிப்போகும் அளவு வெள்ளம் வேறு விஷயம். 2018 நவம்பர் நடுவில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட ஆண்டின் எண்களை விகிதத்துக்கு எடுக்கக் கூடாது. எதிர்காலத்தில் அப்படி ஒன்று வருமா என்பதை விற்பனைக் கணக்கு சொல்லவும் செய்யாது. "பெருவெள்ளம் இல்லையென்றால்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவதே நேர்மை.

"கணக்கோட சேர்த்து வேற என்ன சொல்லணும்?"

முதலில், கடைசி மாதம் முடிந்துவிட்டதா என்பது. நவம்பர் 24-ம் தேதி உட்கார்ந்து கணக்கை அனுப்பினால் 610 என்பது 24 நாள் விற்பனை. முழு மாதத்துக்கு அது 760 பக்கம் போகும். மற்ற எல்லாக் கணக்கும் அந்த ஒரு எண்ணின் மேல் நிற்பதால், இது தெரியாமல் பதில் சொல்வதைவிடப் பதிலை நிறுத்திவைத்துக் கேட்பது மேல்.

அடுத்தது சரக்கு இல்லாத நாட்கள். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். விற்றது என்பதும் கேட்டு வந்தது என்பதும் ஒன்றல்ல. ஆகஸ்டில் பத்து நாள் குடோன் காலியாக இருந்து 260 போயிருந்தால், மீதி 21 நாளைக்கு நாளொன்றுக்கு 12 மூட்டைக்கு மேல் போயிருக்கிறது. தட்டுப்பாடு இல்லாவிட்டால் மாதம் 380-ஐத் தொட்டிருக்கலாம். அப்படியானால் "குறுவை முடிந்து இறங்கியது" என்று மேலே ஊகித்ததே பிழையாகிவிடும். இருப்புப் பதிவேட்டில் இருப்பு பூஜ்யமாக நின்ற நாட்களை எண்ணி, மாதத்துக்குப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

ஒரே ஆள் மொத்தமாக வாங்கிப் போனதையும் தனியே காட்டுங்கள். அக்டோபர் 520-ல் 100 மூட்டை ஒரே பண்ணைக்குப் போயிருந்தால் அது திரும்ப வருமா என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

"வாட்ஸ்அப்ல வந்த கணக்கை எக்செல்ல ஒட்டினா தப்பு வருமா?"

வரும், சத்தமில்லாமல் வரும். எண்ணோடு "மூட்டை" என்ற சொல் ஒட்டிக்கொண்டால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் சந்தேகப்பட வேண்டும். கூட்டலில் அந்த மாதம் காணாமல் போய்விடும், பிழைச் செய்தியும் வராது. ரூபாய்க் கணக்கில் 1,62,000 போன்ற எண் காற்புள்ளி உள்ள இடமெல்லாம் உடைந்து மூன்று செல்லாகச் சிதறுவதும் உண்டு.

```
=ISNUMBER(B2)
=SUM(B2:B7)
```

முதல் வரியைக் கீழே ஆறு மாதத்துக்கும் இழுத்தால் எல்லாவற்றுக்கும் `TRUE` வர வேண்டும். இரண்டாவது இந்தக் கணக்குக்கு 2330 தர வேண்டும். அனுப்புபவர் மொத்தத்தையும் ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சரிபார்ப்பு அரை நிமிட வேலை.

"ரேஞ்செல்லாம் வேண்டாம். எத்தனை மூட்டை லோடு போடணும், அதைச் சொல்லுங்க."

இப்போதுதான் உண்மையான கேள்வி வருகிறது. எத்தனை விற்கும் என்பதும் எத்தனை வாங்க வேண்டும் என்பதும் வேறு. இரண்டாவதற்கு, மிஞ்சினால் என்ன நஷ்டம், பற்றாமல் போனால் என்ன நஷ்டம் என்பது தெரிய வேண்டும்.

டிசம்பரில் மிஞ்சும் யூரியா லேசில் விற்காது. சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அதற்கு யூரியா தேவை சொற்பம். டி.ஏ.பி. கரைசல் தெளிப்புத்தான் கேட்பார்கள். கோடைச் சாகுபடி இல்லாத ஊரென்றால் அடுத்த பெரிய விற்பனை குறுவைக்குத்தான். அதுவரை முதல் முடங்கும். மழைக்கால ஈரத்தில் யூரியா தண்ணீர் இழுத்துக் கட்டி தட்டும். தரையில் பலகை போடாமல், சுவரை ஒட்டி அடுக்கிய மூட்டைகள் முதலில் கெடும். கட்டியான மூட்டையை விவசாயி தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். இன்னொரு பக்கம், சரக்கு இல்லாமல் ஒரு வாரம் போனால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். போனவர் பூச்சி மருந்தையும் அங்கேயே வாங்குவார்.

குடோனில் இப்போது 70 மூட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 635-ஐ நம்பி அவ்வளவும் இறக்கினால் 705 ஆகும். விற்பனை 380-ல் நின்றால் 325 மூட்டை குறுவை வரை காத்திருக்கும். 300–470 என்ற வரம்பை வைத்துச் செய்தால், வரம்பின் கீழ்முனையான 300-க்கு முதலில் ஏற்பாடு செய்தால் போதும். இருப்பு 70 போக 230 மூட்டை முதல் லோடு. இரண்டாவது லோடை டிசம்பர் 10-ம் தேதி விற்பனையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அந்தப் பத்து நாளை எப்படி வாசிப்பது? போன டிசம்பர் 310-ல் முதல் பத்து நாளில் 155 போயிருந்தால், அது பாதி. மேலுரம் முடியும் மாதம் என்பதால் முதல் பத்து நாளிலேயே பாதி போவது இயல்புதான். மூன்றில் ஒரு பங்கு என்று நாளை வகுத்துக் கணக்கிட்டால் கூட்டிச் சொல்லிவிடுவோம். இந்த ஆண்டு முதல் பத்து நாளில் 200 போனால் மாதம் 400 என்று எடுத்து, இன்னும் 100 மூட்டைக்குச் சொல்லலாம். சொன்ன லோடு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதை மொத்த வியாபாரியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தால்தான் இந்த வழி செல்லும். பதினைந்து நாள் ஆகுமென்றால் காத்திருந்து பார்க்க நேரமில்லை. முதல் லோடிலேயே நடு எண்ணான 380-க்கு ஏற்பாடு செய்துவிட வேண்டியதுதான்.

"ஆறு மாசத்துல குறைஞ்சது 210, கூடுனது 610. அதுக்குள்ளதானே டிசம்பரும் இருக்கும்?"

மாதங்களுக்குள் ஏறுமுகமோ பருவமோ எதுவும் இல்லாத கடையில், ஏழாவது எண் ஏழிலும் பெரியதாக இருக்க ஏழில் ஒரு வாய்ப்பு, சிறியதாக இருக்கவும் ஏழில் ஒரு வாய்ப்பு. மீதி ஏழில் ஐந்து, அதாவது 71 சதவீதம்தான் நடுவில் விழும். மூன்று முறை சொன்னால் கிட்டத்தட்ட ஒரு முறை வெளியே போகும். பலர் நினைப்பதைவிட இது பலவீனமான உறுதி. பருவத்தோடு ஆடும் யூரியாவுக்கு இந்த 71-கூடப் பொருந்தாது.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. "கடைசி மூன்று மாதமும் ஏறுவரிசையில் இருக்கு" என்பதைப் பெரிய சேதியாகச் சொல்வார்கள். எந்த ஒழுங்கும் இல்லாத மூன்று எண்கள் ஏறுவரிசையில் நிற்பதற்கே ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு.

"எங்களுது உரக்கடை இல்ல, சமையல் கான்ட்ராக்ட். எங்களுக்கும் இதே மாதிரிதானா?"

முறை அதேதான், வெளியிலிருந்து வர வேண்டிய தகவல் மட்டும் வேறு. உங்களுக்கு வயலுக்குப் பதில் பஞ்சாங்கம். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. மாதத்தின் பின்பாதி காலி. தை பிறந்ததும் மொத்தமாகத் திரும்பும். கையில் ஏற்கெனவே முன்பணம் வாங்கிய தேதிகள் இருக்கும்போது ஆறு மாதக் கணக்கைப் பார்ப்பதே இரண்டாம்பட்சம்.

ஜவுளி, இனிப்பு, பட்டாசு வியாபாரத்தில் தீபாவளி எந்த மாதத்தில் வருகிறது என்று பார்க்காமல் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. டீக்கடைப் பால் மாதிரி நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு போகிற பொருளுக்கு ஆறு மாதமே தாராளம். அதையும் மாதக் கூட்டலாக அனுப்பாமல் நாள்வாரியாக அனுப்பினால் சந்தை நாள், ஞாயிறு எல்லாம் தெரியும்.

"இதையெல்லாம் சுருக்கி ஒரு பதிலா எழுதிக் குடுத்தா எப்படி இருக்கும்?"

இப்படி இருக்கலாம்:

"டிசம்பருக்கு 300 முதல் 470 மூட்டை, நடுவாக 380. நீங்கள் அனுப்பிய ஆறு மாதத்தை மட்டும் பார்த்தால் 430–790 என்று வரும். ஆனால் அந்த ஆறு மாதமும் பயிர் ஏறும் காலம் என்பதால் அதை நம்பவில்லை. குறையும் என்பது முந்தைய இரண்டு ஆண்டு நவம்பர்–டிசம்பர் விகிதத்திலிருந்து எடுத்தது. நவம்பர் 610 முழு மாதக் கணக்கு என்றும், பெருவெள்ளம் வராது என்றும் வைத்துச் சொன்னது. நவம்பர் கடைசியில் மழையால் மேலுரம் தள்ளிப்போயிருந்தால் மேல்முனைக்குப் பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்."

கேட்டது டிசம்பர், சொன்னதும் டிசம்பர். ஆண்டு வளர்ச்சி, அடுத்த ஜூன் என்றெல்லாம் நீட்டவில்லை. கேட்காத ஒன்றைச் சேர்த்திருக்கிறது என்றால் அது எந்த நிபந்தனை மாறினால் எண்ணும் மாறும் என்பது மட்டும்தான்.

"அப்படியே ஜனவரிக்கும் சொல்லிடுங்களேன்?"

டிசம்பர் முடியட்டும். டிசம்பரின் பிசகு ஜனவரியின் அடித்தளத்தில் ஏறி உட்காரும். பழைய இரண்டு ஜனவரி எண்ணும் கிடைத்தால், "டிசம்பரைவிடக் குறைவு" என்ற திசையை மட்டும் இப்போதே சொல்லலாம்.

"டிசம்பர் முடிஞ்சுது. 270தான் போச்சு. நீங்க சொன்னது தப்பாயிடுச்சே?"

வரம்புக்கு 30 மூட்டை கீழே. முதலில் இருப்புப் பதிவேட்டைப் பாருங்கள்: முதல் லோடு வரும் முன் எத்தனை நாள் சரக்கு இல்லாமல் இருந்தது? அந்த நாட்கள் இருந்தால் 270 என்பது தேவை அல்ல, இருந்த சரக்கு. சரக்கு முழுக்க இருந்தும் 270 என்றால் விகிதம் 44 சதவீதம். பழைய 55, 70 இரண்டையும்விடத் தாழ்வு. மூன்று ஆண்டையும் எழுதி வையுங்கள். அடுத்த டிசம்பருக்கு 44 முதல் 70 வரை என்று அகலமான வரம்போடு தொடங்க வேண்டும். பக்கத்தில் அந்தந்த ஆண்டு அணை திறந்த தேதியையும், உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.